வில்லையில் அடித்த எண்

2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தைப்பிங்கிலிருந்து ஓர் அக்கா கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். கிள்ளானில் எங்களுடையது பாத்திரக் கடை. அப்பா காலத்தில் தொடங்கியது. முறுக்கு உரல், இடியாப்ப உரல், இட்லிப் பானை, குத்துவிளக்கு என்று தமிழ்நாட்டிலிருந்து தருவித்து எங்கள் சொந்தப் பெயரில் விற்கிறோம். அந்த அக்கா எங்களிடம் 2019இல் ஒரு பித்தளை முறுக்கு உரல் வாங்கியிருந்தார். அதன் நட்சத்திர வில்லை தேய்ந்து போனதால், உரல் பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்து, அதே எண்ணுக்கான வில்லையை இணையத்தில் எங்கள் பக்கத்திலேயே தேடி வாங்கியிருக்கிறார்.

“என்னா தம்பி இது? நம்பர் பாத்துத்தானே வாங்குனேன். வில்லை உரலுக்குள்ள போகவே மாட்டேங்குதே!”

அவருக்கு நாற்பது டின் முறுக்குக்கு ஆர்டர். நான் வேறு வில்லை அனுப்பினாலும் போய்ச் சேர மூன்று நாளாகும். அனுப்பினேன். அதற்குள் அவர் பக்கத்து வீட்டு உரலை இரவல் வாங்கிப் பிழிந்ததும், பதினான்கு டின் ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதும் பிறகுதான் தெரிந்தது. அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. தவறு எங்கள் எண்ணில் இருந்தது.

அந்த எண் `SK19-45`. அதை வைத்தவன் நான்தான். அப்போது அது மிகவும் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. `SK` என்பது சரக்கு அனுப்பும் வியாபாரியின் பெயர்ச் சுருக்கம். `19` என்பது ஆண்டு. `45` என்பது விலை, நாற்பத்தைந்து வெள்ளி. எண்ணைப் பார்த்தாலே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். இதில் ‘எனக்கு’ என்பதுதான் கோளாறு. வாங்குகிறவருக்கு அதில் ஒன்றுகூடப் பயன்படாது. அதைவிட மோசம், மூன்றுமே மாறக்கூடியவை.

முதலில் விலை மாறியது. ஐம்பத்திரண்டு வெள்ளி ஆனதும், “பேர்ல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கே, ஏன் ஏழு வெள்ளி கூட வாங்குறீங்க?” என்று ஒருவர் கேட்டார். பிறகு ஆண்டு. 2021இல் பத்தொன்பது என்ற எண்ணைப் பார்த்தவர்கள் பழைய சரக்கு என்று நினைத்தார்கள். கடைசியில் வியாபாரியும் மாறினார். அவரிடம் உரல் கிடைக்காமல் போனதால் வேறோர் ஊரில் வார்க்கும் இன்னொருவரிடம் வாங்க ஆரம்பித்தோம். பார்வைக்கு அதே உரல். உயரம், எடை எல்லாம் ஏறக்குறைய அதேதான். ஆனால் குழலின் உள்விட்டம் மூன்று மில்லிமீட்டர் அதிகம். பழையது 52, புதியது 55.

அப்போதே எண்ணை மாற்றியிருக்க வேண்டும். ஏன் மாற்றவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த விற்பனைப் பக்கத்தில் இருநூறுக்கு மேற்பட்ட நல்ல கருத்துகள் சேர்ந்திருந்தன. புதிய பக்கம் திறந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே படத்தை மட்டும் மாற்றி, அதே பக்கத்தில், அதே எண்ணில் புதிய உரலை விற்றேன். வில்லைக்கும் அதே கதை. 2019 உரலும் 2022 வில்லையும் ஒரே எண்ணைச் சுமந்துகொண்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழையாமல் நின்றன.

அந்தத் தீபாவளி முடிந்ததும் அப்பாவும் நானும் உட்கார்ந்து எல்லா எண்களையும் கலைத்து மறுபடி அடுக்கினோம். மூன்று மாதம் பிடித்தது. சொந்தப் பெயரில் பொருள் விற்கிறவர்கள் இப்போது நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். மசாலாத் தூள், சாம்பிராணி, பாவாடை, நகைப்பெட்டி என்று வீட்டிலிருந்தே விற்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்று நாங்கள் செய்ததை எழுதுகிறேன்.

முதல் கேள்வியை அப்பாதான் கேட்டார். “வாங்குறவங்க இந்த நம்பர எப்பத் தேடுவாங்க?”

யோசித்துப் பார்த்தால், முதல் முறை வாங்கும்போது யாரும் எண்ணைத் தேடுவதில்லை. அப்போது ‘முறுக்கு உரல்’ என்றுதான் தேடுவார்கள். எண் தேவைப்படுவது இரண்டாம் முறை. வில்லை தேய்ந்தால், கைப்பிடி உடைந்தால், தங்கைக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டுமென்றால். எனவே எண் சொல்ல வேண்டிய முதல் விஷயம், எது எதற்குப் பொருந்தும் என்பது. முறுக்கு உரலில் அது வில்லையின் விட்டம். விலையும் ஆண்டும் வியாபாரியும் எங்கள் கணக்குப் புத்தகத்தில் இருந்தால் போதும்.

இப்படித்தான் `AR52` என்பது பிறந்தது. `AR` வரிசையின் பெயர். அதற்குப் பின்னால் வருகிறேன். `52` என்பது வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். அதன் பிறகு இரண்டு இலக்க வரிசை எண். பித்தளை உரல் `AR5201`, எவர்சில்வர் உரல் `AR5202`, மர உரல் `AR5203`. நட்சத்திர வில்லை `AR5221`, மூன்று துளைத் தேன்குழல் வில்லை `AR5222`, இடியாப்ப வில்லை `AR5223`, ஓமப்பொடி வில்லை `AR5224`, ரிப்பன் பக்கோடா வில்லை `AR5225`. புதிய வியாபாரியின் அகலமான உரல் `AR5501`. வாடிக்கையாளருக்கு நாங்கள் சொல்லித்தருவது ஒரே வரிதான்: ‘முதல் நான்கு எழுத்தும் ஒன்றாக இருந்தால் பொருந்தும்.’

பித்தளைக்கு ஓர் எழுத்து, எவர்சில்வருக்கு ஓர் எழுத்து என்று வைக்கலாமே என்று தம்பி சொன்னான். முயன்று பார்த்தோம். எவர்சில்வருக்கு `S` வைத்தால் `52S` என்பது அச்சில் 525 போலத் தெரிகிறது. பித்தளைக்கு `B` வைத்தால் 8 போல இருக்கிறது. தொலைபேசியில் கேட்டால் ‘பி’யா ‘டி’யா என்று புரிவதில்லை. சரி, எவர்சில்வருக்கு `E` என்று வைத்துப் பார்த்தோம். மூன்றாம் வில்லையை எக்செல் பட்டியலில் `52E3` என்று தட்டியதும் அது `5.20E+04` என்று மாறி உட்கார்ந்துகொண்டது. இலக்கங்களுக்கு நடுவே `E` வந்தால் எக்செல் அதைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு, 52க்குப் பின்னால் மூன்று பூஜ்யம் என்று படிக்கிறது. சேமித்து, மூடி, இணையச் சந்தையில் ஏற்றிவிட்டால் மூல எண் போனது போனதுதான்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. மனித மரபணுக்களில் `MARCH1` என்று ஒன்று இருந்தது. எக்செல் அதை மார்ச் முதல் தேதி என்று மாற்றிவிடும். ஆராய்ச்சித் தாள்களிலெல்லாம் இந்தப் பிழை புகுந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே 2020இல் அந்தப் பெயரை `MARCHF1` என்று மாற்றியது. விஞ்ஞானிகளே விட்டுக்கொடுத்த இடத்தில் பாத்திரக் கடைக்காரன் சண்டை போட முடியாது. வெறும் இலக்கத்தில் எண் தொடங்கினாலும் இடைஞ்சல் உண்டு: `0521` என்று தட்டினால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போய் 521 ஆகிவிடும். முன்னால் இரண்டு எழுத்து, பின்னால் இலக்கம் மட்டும் என்று வைத்தால் இந்த இரண்டு ஆபத்தும் இல்லை. வரிசை எண்ணை 1, 2 என்று வைக்காமல் 01, 02 என்று வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. அகரவரிசையில் அடுக்கும்போது கணினி 10ஐ 9க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். 09 என்றிருந்தால் வைக்காது.

எழுத்துகளிலும் எல்லாம் உதவாது. `O` பூஜ்யத்தோடும், `I` ஒன்றோடும் குழம்பும். `M`, `N` இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோலக் கேட்கும்.

நடுவில் கோடு போடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் பேசினோம். `AR52-21` பார்க்க அழகு. ஆனால் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் கோடு இல்லாமல்தான் தட்டுகிறார்கள். தேடுபொறிகளும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சில, கோடு உள்ள இடத்தில் சொல்லை இரண்டாக வெட்டி, 21 என்று வரும் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். சாய்கோடு இன்னும் மோசம். விண்டோஸ் கணினியில் கோப்பின் பெயருக்குள் அதை வைக்கவே முடியாது. பொருளின் படத்தை அதன் எண்ணிலேயே சேமித்து வைப்பவர்களுக்கு அது தினமும் தலைவலி. எனவே கோடும் இல்லை, இடைவெளியும் இல்லை: `AR5221`. ஆறு எழுத்து. வாய்விட்டுச் சொன்னால் ‘ஏ ஆர், ஐம்பத்திரண்டு, இருபத்தொன்று’. சிலர் இடைவெளி விட்டுத் தட்டுவார்கள் என்பதால் பொருள் விளக்கத்தின் கடைசியில் `AR 5221` என்றும் ஒரு முறை எழுதி வைத்திருக்கிறோம்.

எண்ணை முடிவு செய்வதற்கு முன் அதை இணையத்தில் தேடிப் பார்ப்பது அவசியம். இன்றைக்கு வைக்கும் எண்ணை மட்டும் தேடினால் போதாது, நாளை வைக்கப்போகும் எண்ணையும் தேட வேண்டும். `AR` என்று முடிவானதும் தம்பி சிரித்தான். `AR15` என்பது அமெரிக்கத் துப்பாக்கி ஒன்றின் பெயராம். நல்லவேளை, பதினைந்து மில்லிமீட்டர் வில்லையில் யாரும் முறுக்கு பிழிவதில்லை.

இனிப் பெயருக்கு வருகிறேன். எண் இரண்டாம் முறை வாங்குகிறவருக்கு என்றால், வரிசையின் பெயர் ஒருவர் இன்னொருவரிடம் வாயால் சொல்வதற்கு. முதலில் எங்கள் உரல்களுக்கு ‘ராயல்’, ‘பிரீமியம்’ என்று பெயர் வைத்திருந்தோம். பிரீமியத்தைவிடக் கனமான உரல் வந்தபோது ‘பிரீமியம் பிளஸ்’ ஆனது. அதற்கடுத்தது வந்தபோது ‘நியூ பிரீமியம் பிளஸ்’. இதில் ராயல் மேலா பிரீமியம் மேலா என்று கேட்டால் எனக்கே தயக்கம். தரத்தைச் சொல்லும் பெயர் இப்படித்தான் முட்டுச் சந்தில் போய் நிற்கும். உச்சியைத் தொட்ட பெயருக்கு மேலே ஏற இடமிருக்காது. ‘நியூ’ என்ற சொல் அடுத்த வருடமே பொய்யாகிவிடும். மேலும், இந்தச் சொற்களைத் தேடினால் உலகத்துச் சாமான் எல்லாம் வந்து நிற்கும். எங்கள் உரல் நாற்பதாம் பக்கத்தில் இருக்கும்.

நல்ல தமிழ்ப் பெயராக வைப்போம் என்றார் அப்பா. ‘குழல்’ என்றார். உரலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பெட்டி அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன், தெரிந்த பத்துப் பேரிடம் தொலைபேசியில் பெயரை ஒரு முறை சொல்லி, ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பச் சொன்னேன். `Kuzhal`, `Kulal`, `Kuzal`, `Kural`, `Koolal` என்று ஐந்து விதமாக வந்தது. பக்கத்துக் கடைச் சீன நண்பர் அனுப்பியதை நான் எழுதவில்லை. நம் நாட்டில் தமிழ்ப் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் தேடப்படுகிறது. ழகரம் உள்ள பெயர் வாயில் இனிக்கும், தேடலில் தொலைந்துபோகும். நெடில் வந்தால் `a` ஒன்றா இரண்டா என்ற சந்தேகம். ‘த’ வந்தால் `t`, `th`, `dh` மூன்றும் வரும். ‘ச’ வந்தால் `s`, `ch`. ஒற்று இரட்டித்தால் பாதிப்பேர் ஒன்றை விட்டுவிடுவார்கள். இவை இல்லாத சொல்லாகத் தேட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுத்து, பால் காய்ச்சும் பானைகளுக்கு ‘நிலா’ என்று வைக்க நினைத்தோம். வெண்மை, குளிர்ச்சி, எல்லாம் பொருத்தம். `Nila` என்று ஏறக்குறைய எல்லோரும் சரியாகத் தட்டினார்கள். பெட்டியின் மாதிரியைப் பார்த்துவிட்டு, எங்கள் கடையில் பத்து வருடமாக வேலை செய்யும் மலாய்க்கார அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். மலாய் மொழியில் ‘நிலா’ என்றால் அவுரி நீலச் சாயம். ஒரு துளி நிலா விழுந்தால் ஒரு பானைப் பாலும் கெட்டுப்போகும் என்று அவர்களிடம் பழமொழியே இருக்கிறது. பால் பானைக்கு அந்தப் பெயர்! அன்றிலிருந்து எந்தப் பெயரானாலும் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் சொல்லிப் பார்த்து, ஒரு சீனரிடமும் காட்டிவிட்டுத்தான் முடிவெடுக்கிறோம்.

கடைசியில் உரல் வரிசைக்கு நிலைத்த பெயர் ‘அருவி’. மாவு அருவிபோல் இறங்குகிறது என்று அம்மா சொன்னது. பத்துப் பேரில் ஒன்பது பேர் `Aruvi` என்றே தட்டினார்கள். ஐந்து எழுத்து, அதில் இரண்டை எடுத்தால் எண்ணின் தலைப்பு. பெயர் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பொருளின் வகையையும் பூட்டி வைக்கவில்லை. நாளைக்கு இடியாப்பத் தட்டும் சேவை நாழியும் அதே வரிசையில் சேரலாம். ‘முறுக்கு மாஸ்டர்’ என்று வைத்திருந்தால் இடியாப்பம் வெளியே நிற்கும். தவிர, பொருளை வெறுமனே விவரிக்கும் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்வது கடினம். நம் நாட்டில் இதற்கு 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்வது மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகம். அடுப்படிச் சாமான்கள் 21ஆம் வகுப்பில் வருகின்றன. அதே வகுப்பில் அதே பெயர் யாருக்கேனும் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையத்தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி அச்சடிக்க வேண்டும். அச்சடித்த பிறகு தேடுவது வீண்செலவு.

பெயரும் எண்ணும் சேர்ந்தாலும் ஒரு வேலையை அவற்றால் செய்ய முடியாது. எங்களைக் கேள்விப்பட்டே இராத ஒருவர் ‘அருவி’ என்று தேடப் போவதில்லை. மலாய்க்காரர் `acuan murukku` என்று தேடுவார். இடியாப்பத்தை அவர்கள் ‘புத்து மாயாம்’ என்பதால் `acuan putu mayam` என்றும் தேடுவார். நம்மவர்கள் `murukku press` என்றும், பலர் `muruku` என்று ஒரு `k`யை விட்டும் தட்டுவார்கள். எனவே விற்பனைப் பக்கத்தின் தலைப்பு இப்படி இருக்கிறது:

```
Aruvi AR5201 Murukku Press Brass 52mm Acuan Murukku Tembaga
```

பெயரும் எண்ணும் முதலில், ஏனென்றால் கைப்பேசித் திரையில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். பிறகு என்ன சாமான், எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர் என்பது. கடைசியில் மலாய்ச் சொற்கள். ‘முருகு’ என்று ஒரு ஒற்றை விட்டுத் தட்டுகிறவர்களுக்காக அந்த எழுத்துக்கூட்டல் விளக்கத்துக்குள் ஒரு முறை வருகிறது; தலைப்பில் அதைத் திணிப்பதில்லை. எல்லாப் பக்கத்திலும் இதே ஒழுங்கு. விற்பவர் மட்டும் பார்க்கும் எஸ்.கே.யு. கட்டத்திலும் அதே `AR5201`தான். முன்பு அங்கே ஓர் எண், பெட்டியில் ஓர் எண் என்று இரண்டு வைத்திருந்தேன். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் என்றாவது ஒரு நாள் மாற்றி அனுப்புவோம்.

பெட்டியில் அச்சடித்தால் மட்டும் போதாது என்பதையும் அந்தத் தைப்பிங் அக்காவால் கற்றுக்கொண்டேன். அவர் பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தார். பெரும்பாலோர் மறுநாளே வீசிவிடுவார்கள். எனவே எண்ணை உரலிலும் வில்லையிலும் அடித்தே அனுப்பச் சொல்லிவிட்டோம். முதல் தவணையில் இரும்பு அச்சுக் கம்பியை வாங்கி நாங்களே சுத்தியலால் அடித்தோம். அந்தக் கம்பிப் பெட்டியில் ஒன்பது கம்பிதான் இருந்தது. 6ஐத் தலைகீழாகப் பிடித்தால் 9. வட்டமான வில்லைக்கு மேல் எது, கீழ் எது? வெறும் இலக்கமாக 66 என்று அடித்திருந்தால் 99 என்றும் படிக்கலாம். முன்னால் `AR` நிற்பதால் எந்தப் பக்கம் நிமிர்ந்தது என்று தெரிகிறது. யோசித்து வைத்ததல்ல, தற்செயலாகக் கிடைத்த நன்மை.

எண்களுக்கிடையே இடம் விட்டு வைத்ததும் பயன்பட்டது. ஒவ்வொரு அளவிலும் 01 முதல் 19 வரை உரல்கள், 21 முதல் 59 வரை வில்லைகள், 61 முதல் 89 வரை கைப்பிடி, திருகு போன்ற உதிரிகள், 91 முதல் தொகுப்புப் பெட்டிகள். போன வருடம் மகிழம்பூ முறுக்கு வில்லை வந்தது, 26 காத்துக்கொண்டிருந்தது. இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஓர் அளவில் முப்பத்தொன்பது வில்லைக்கு மேல் வந்தால் இடம் தீர்ந்துவிடும். எங்கள் கடைக்கு அது வராது. ஆயிரம் நிறத்தில் துணி விற்பவருக்கு இரண்டு இலக்கம் போதாது. அவர் தொடக்கத்திலேயே மூன்று வைக்க வேண்டும்.

எப்போது புதிய எண் தருவது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நாங்கள் இரண்டு கேள்வி கேட்கிறோம். பழைய உரலுக்கு வாங்கிய உதிரி புதியதற்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் விட்ட எண்ணே மாற வேண்டும். பழைய படத்தைப் பார்த்து வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் ‘இது வேறயா இருக்கே’ என்பாரா? என்பார் என்றால் வரிசை எண் மாற வேண்டும். மரக் கைப்பிடி எவர்சில்வர் கைப்பிடியானபோது `AR5201` நின்று `AR5204` வந்தது. வில்லைகள் அப்படியே பொருந்தின. பெட்டியின் நிறம் மட்டும் மாறினால் எண் மாறாது. எண் மாறினால் புதிய பக்கம்தான். கருத்துகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும்.

பெயரை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றினால், மக்களே ஓர் எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். மைவி காரைப் பாருங்கள். 2005, 2011, 2017 என்று மூன்று தலைமுறை, ஒரே பெயர். பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டாவதை ‘லாகி பெஸ்ட்’ என்று அதன் விளம்பர வாசகத்தாலேயே பிரித்துச் சொல்கிறார்கள். கார் பெரிது, யாரும் குழம்ப மாட்டார்கள். வில்லை சிறியது, குழம்புவார்கள்.

எண்ணை நம்பி மட்டும் இருக்கவும் முடியாது. எண் 52 என்று சொன்னால் குழல் உண்மையிலேயே 52 ஆக இருக்க வேண்டும். வார்ப்பு வேலையில் சற்றுக் கூடும், குறையும். இப்போது கடை மேசை இழுப்பறையில் கடைந்து செய்த இரண்டு வில்லைகள் இருக்கின்றன, ஒன்று 52, ஒன்று 55. சரக்கு வந்ததும் பெட்டிக்குப் பத்து உரலை எடுத்து அந்த வில்லையைப் போட்டுப் பார்ப்போம். இடிக்காமல் உட்கார வேண்டும், ஆடவும் கூடாது. ஆடினால் பிழியும்போது மாவு விளிம்பு வழியாகப் பிதுங்கும். வீட்டில் உங்கள் உரலில் அப்படிப் பிதுங்கினால், மாவு தளர்ந்துவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன் வில்லையை அளந்து பாருங்கள்.

பழைய எண்களை நாங்கள் அழிக்கவில்லை. `SK19-45` என்று இன்றும் யாராவது தேடக்கூடும். அந்த எண் இருந்த பக்கத்தின் விளக்கத்தில், ‘2021க்கு முன் வாங்கியிருந்தால் `AR52`, பின் வாங்கியிருந்தால் `AR55`, சந்தேகமிருந்தால் வில்லையின் குறுக்களவை அடிக்கோலால் அளந்து சொல்லுங்கள்’ என்று எழுதியிருக்கிறோம். நிறுத்திய எண்ணை வேறு பொருளுக்கு மறுபடி கொடுப்பதும் இல்லை. உரல் இருபது வருடம் உழைக்கும். நாம் மறந்துபோன எண் யார் வீட்டு அலமாரியிலோ விழித்துக்கொண்டிருக்கும்.

தைப்பிங் அக்காவுக்கு அந்த வருடமே புதிய எண் அடித்த வில்லைகள் ஐந்தையும் காசு வாங்காமல் அனுப்பினேன். இழந்த பதினான்கு டின்னுக்கு அது ஈடாகாது என்று தெரியும். போன தீபாவளிக்கு முன் மறுபடி அழைத்தார்.

“தம்பி, ஏ ஆர் ஐம்பத்திரண்டு இருபத்தி ரெண்டு ரெண்டு அனுப்புங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு பக்கத்து வீட்டுக்கு.”

“பக்கத்து வீட்டு உரலும் ஐம்பத்திரண்டுதானாக்கா?”

“பாத்துட்டுத்தான் சொல்றேன். உரல்லயே போட்டிருக்கே.”